ஏசியைக் கழற்றக் கூடாதாம்: காலி பண்ணும்போது எது யாருக்கு?

மூன்றாம்மாடி | 4 மே 2025, இரவு 9:12

மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் வீடு. 31ஆம் தேதி காலி பண்றோம். நாலு வருஷத்தில் நாங்க போட்டது: ஹாலில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, பெட்ரூமில் ஒரு டன், மூணு பிஎல்டிசி ஃபேன், 15 லிட்டர் கீசர் ஒண்ணு. ஏசிக்காக மெயின் போர்டிலிருந்து தனி லைன் சுவருக்குள்ள இழுத்தோம். ஈபி லோடும் ஏத்தினோம், காசு நாங்க கட்டினதுதான்.

ஓனர் இப்போ சொல்றார்: "சுவத்துல ஓட்டை போட்டு மாட்டினதெல்லாம் வீட்டோட சேர்ந்தது. கழட்டினா அட்வான்ஸ்ல புடிச்சுக்குவேன்." வாடகை 20,000, அட்வான்ஸ் 60,000. பில் எல்லாம் என் பேரில் இருக்கு. அவர் சொல்றது சட்டமா, மிரட்டலா?

சுவராணி | 4 மே 2025, இரவு 9:40

சட்டம்தான் பாஸ். ஆணி, ஸ்க்ரூ, போல்ட் எது போட்டு மாட்டினாலும் அது அசையாச் சொத்தில் சேர்ந்துடும். ப்ளக்கைப் பிடுங்கி எடுத்துட்டுப் போற ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின் உங்களது. ஏசி ஓனருக்கு. ஃபேன் மட்டும் கொக்கியில தொங்குறதால உங்களுக்கு.

பத்திரக்கட்டு | 4 மே 2025, இரவு 10:55

சுவராணி சொல்வது பாதி சரி, ஆனால் தப்பான பாதி. "நிலத்தோடு ஒட்டியது நிலத்துக்காரனுக்கு" என்பது இங்கிலாந்தில் இருந்து வந்த பழைய விதி. வாடகைதாரர் விஷயத்தில் நம் சட்டம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108, உட்பிரிவு எச். அது சொல்வது இதுதான்: வாடகைதாரர் தான் பொருத்தியதை எடுத்துக்கொண்டு போகலாம், குத்தகைக் காலம் முடிந்த பிறகும்கூட. தரையோடு இணைந்த பொருளாக இருந்தாலும் எடுக்கலாம் என்றே அதில் இருக்கிறது. ஆகவே "ஏசி சுவரோடு ஒட்டியதா இல்லையா" என்ற சண்டையே இங்கே தேவையில்லை. ஒட்டியதுதான் என்று ஓனரிடம் ஒப்புக்கொண்டாலும் எடுக்கும் உரிமை போகாது.

ஆனால் அதே வரியில் இரண்டு கொக்கி இருக்கிறது. வீடு உங்கள் கைவசம் இருக்கும்வரைதான் எடுக்கலாம், அதற்குப் பிறகு முடியாது. எடுத்தபின் வீட்டைப் பெற்றுக்கொண்ட நிலையில் திருப்பித் தர வேண்டும். அதாவது சாவியைக் கொடுத்த மறுநாள் போய் "ஏசியை மறந்துட்டேன்" என்றால் கையில் எதுவும் இருக்காது.

இன்னொன்று. பிரிவு 108 முழுக்கவே "வேறு ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதபோது" என்றுதான் ஆரம்பிக்கிறது. உங்கள் அக்ரிமென்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நான் சொல்வதை வைத்து ஓனரிடம் போய் நிற்க வேண்டாம்.

மூன்றாம்மாடி | 5 மே 2025, காலை 7:30

பார்த்தேன் சார். அதில் அப்படி எதுவும் இல்லை. பின்னாடி ஒரு பட்டியல் மட்டும் இருக்கு: சீலிங் ஃபேன் 4, டியூப்லைட் 6, கீசர் 1. ஏசி பத்தி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாம்மாடி | 5 மே 2025, காலை 8:05

தப்பு. ஏழாவது பாராவில் இருக்கு, இப்பத்தான் கண்ணில் பட்டது. அப்படியே தட்டச்சு பண்றேன்: "வாடகைதாரர் உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கட்டடத்தில் நிரந்தர மாற்றங்களோ சேர்க்கைகளோ செய்யக் கூடாது. அவ்வாறு செய்பவை இழப்பீடு ஏதுமின்றி உரிமையாளரையே சேரும்."

போச்சா?

சுவராணி | 5 மே 2025, காலை 8:20

நான் நேத்தே சொன்னேன்.

லீஸ்வாசி | 5 மே 2025, காலை 9:48

நானும் இதே கேள்வியோடதான் இருக்கேன். 8 லட்சம் லீஸ், மூணு வருஷம், ஆகஸ்டில் முடியுது. ஏசி ஒண்ணு, மாடுலர் கிச்சன் ஒண்ணு போட்டிருக்கேன். லீஸ் முடிஞ்சா எடுக்கலாம்னு மேலே போட்டிருக்கு, அப்போ எனக்கும் பொருந்தும்தானே?

பத்திரக்கட்டு | 5 மே 2025, பிற்பகல் 1:15

மூன்றாம்மாடிக்கு முதலில். அந்தப் பாராவில் மூன்று சொல்லைப் பாருங்கள்: "கட்டடத்தில்", "நிரந்தர", "சேர்க்கைகள்". பால்கனியை அடைத்து அறையாக்குவது, குறுக்குச் சுவர் எழுப்புவது, தளத்தில் புதுக் கல் பதிப்பது போன்றவைக்கு எழுதிய வாசகம் அது. ஆறு ஸ்க்ரூவில் நிற்கும் இண்டோர் யூனிட் கட்டடத்தின் நிரந்தரச் சேர்க்கை என்று வாதாடுவது கஷ்டம். 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு தார்க்கலவை ஆலை வழக்கில், அசையாமல் நிற்பதற்காக நட்டு போல்ட் போட்டு அஸ்திவாரத்தில் நிறுத்தியதால் மட்டும் ஒரு இயந்திரம் நிரந்தரமாகத் தரையோடு இணைந்ததாகிவிடாது என்றது. அது கலால் வரி வழக்கு, வாடகை வழக்கு இல்லை. அதை வைத்து ஓனரை மடக்கிவிட முடியாது. யோசிக்கும் முறைக்கு உதவும், அவ்வளவுதான்.

சுவருக்குள் புதைத்த லைன் வேறு கணக்கு. அது உங்கள் ஏழாவது பாராவில் மாட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏசி மாட்டுவதற்கு முன் ஓனரிடம் கேட்டீர்களா? வாட்ஸ்அப்பில் ஏதாவது இருக்கிறதா?

லீஸ்வாசி: இந்த ஊரில் நாம் லீஸ் என்று சொல்வது பெரும்பாலும் ஒத்தி. மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்து, முடியும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது. உங்கள் பத்திரம் அடமானப் பத்திரமாக எழுதப்பட்டிருந்தால் 108 உங்களுக்குப் பொருந்தாது, அடமானத்துக்கான பிரிவு 63 வரும். அதன்படி, வீட்டுக்குக் கேடில்லாமல் தனியே பிரிக்கக்கூடியதை நீங்கள் உங்கள் செலவில் சேர்த்திருந்தால், அது வேண்டும் என்கிற ஓனர் அந்தச் செலவைக் கொடுக்க வேண்டும். வெறும் இருபது ரூபாய் முத்திரைத்தாள் அக்ரிமென்ட் என்றால் அது தனிக் கதை. பத்திரத்தின் தலைப்பையும் முதல் பக்கத்தையும் பார்த்துவிட்டுத் தனி இழை போடுங்கள், இங்கே கலந்தால் இரண்டும் குழம்பும்.

மூன்றாம்மாடி | 5 மே 2025, மாலை 6:40

வாட்ஸ்அப்பில் இருக்கு! 2021 ஜூன்: "ஏசி போட்டுக்கோங்க, சுவர் பத்திரம்." அவ்வளவுதான் எழுதியிருக்கார்.

பத்திரக்கட்டு | 5 மே 2025, மாலை 7:02

போதும். "சுவர் பத்திரம்" என்பதில் அவருடைய அக்கறை என்ன என்பது தெரிகிறது. ஏசி தனக்கு வரும் என்று நினைத்தவர் அப்படி எழுதமாட்டார். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பில்லில் இண்டோர், அவுட்டோர் இரண்டுக்கும் சீரியல் நம்பர் இருக்கும். யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வீட்டம்மா | 6 மே 2025, காலை 11:20

ஓனர் பக்கமும் யாராவது பேசணும். நான் இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கேன். ஏசியை யாரும் பிடிச்சு வெச்சுக்க ஆசைப்படலை. கழட்டின பிறகு சுவர் இருக்கிற கோலம்தான் பிரச்சனை. குழாய் போன ஓட்டையில நியூஸ்பேப்பரைத் திணிச்சு மேல புட்டி பூசிட்டுப் போயிடுறாங்க. ஐப்பசி மழைக்கு அந்தப் பேப்பர் ஊறி, உள்பக்கச் சுவத்துல பழுப்பா இறங்கும். வெளியில பிராக்கெட் போல்டை அப்படியே விட்டுட்டா துரு வழிஞ்சு வெள்ளைச் சுவத்துல கோடு கோடா நிக்கும். அதுக்குச் சாரம் கட்டணும். பிடிக்கிறேன்னு சொல்றது இதுக்காகத்தான்.

மானோமீட்டர் | 6 மே 2025, இரவு 10:30

அம்மா சொல்றது நூத்துக்கு நூறு. கழட்டுற வேலையைப் பத்தி நான் சொல்றேன், ஏசி வேலைதான் எனக்கு.

முதல்ல கேஸ். கழட்ட வர்றவர் எடுத்த எடுப்புல ஸ்பேனரைப் போட்டு நட்டைத் திருகினா நிறுத்துங்க. ஏசியை முதல்ல கூலிங்ல ஓட விடணும். இன்வெர்ட்டர் மாடலா இருந்தா ரிமோட்ல 16 டிகிரி வெச்சா மட்டும் போதாது, அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைச்சிடும். இண்டோர் யூனிட்டுல இருக்கிற பட்டனை அமுக்கி ஃபோர்ஸ்டு கூலிங்ல போடணும். எத்தனை விநாடி அமுக்கணும்ங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அப்புறம் அவுட்டோர் யூனிட்டுல இரண்டு வால்வு இருக்கும். மெல்லிய குழாய் வால்வை ஆலன் கீ போட்டு முழுசா மூடணும். கம்ப்ரஸர் ஓடிக்கிட்டே இருக்கும், குழாயிலயும் இண்டோர்லயும் இருக்கிற கேஸை எல்லாம் இழுத்து வெளி யூனிட்டுக்குள்ள அடைக்கும். தடித்த குழாய்ப் பக்கம் கேஜ் மாட்டியிருந்தா முள் இறங்குறது தெரியும். ஜீரோவை நெருங்கினதும் தடித்த குழாய் வால்வையும் மூடிட்டு, உடனே கரண்டை நிறுத்தணும். பொதுவா ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்தான் ஆகும். அதுக்கு அப்புறம்தான் நட்டு. திறக்கும்போது 'புஸ்'னு ஒரு சின்ன மூச்சு வரும், அது சரி. பத்து விநாடிக்கு மேல சீறிக்கிட்டே இருந்தா உங்க கேஸ் காத்துல போகுது, புது வீட்டுல முழு சார்ஜ் பண்ணணும்.

கம்ப்ரஸர் ஓடும்போது நட்டைத் தளர்த்தவே கூடாது. காத்து உள்ளே போய், ஆயிலோட சேர்ந்து அழுத்தம் ஏறினா கம்ப்ரஸர் வெடிக்கும். இப்போ வர்ற ஆர்32 கேஸ் லேசாத் தீப்பிடிக்கவும் செய்யும். கேஜ் கொண்டு வராதவரை நான் வேலைக்கு விடமாட்டேன்.

கழட்டினதும் குழாய் முனை நாலையும், வால்வு வாயையும் டேப் போட்டு மூடுங்க. ஈரமும் தூசியும் போனா அடுத்த வீட்டுல கூலிங் வராம தலையைப் பிச்சுக்குவீங்க.

மூன்றாம்மாடி | 7 மே 2025, காலை 6:55

ரொம்ப நன்றி. ஒருத்தர் கழட்ட மட்டும் ஒரு யூனிட்டுக்கு 800 கேக்கிறார், சுவர் வேலை தன்னோடது இல்லைன்னு சொல்றார். அது யார் பண்ணுவாங்க? காப்பர் குழாயை வெட்டி எடுக்கலாமா?

மானோமீட்டர் | 7 மே 2025, காலை 8:10

கொத்தனார் வேணும், அரை நாள் வேலை. ஒரு யூனிட்டுக்கு ஓட்டை கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம். உள்ளே தண்ணி தெளிச்சு, செங்கல் சில்லும் சிமெண்ட் கலவையும் வெளிப்பக்கத்துல இருந்து முதல்ல அடைக்கணும். அது இறுகின பிறகு உள்பக்கம். புட்டி கடைசியிலதான். மேல மட்டும் புட்டி பூசினா அம்மா சொன்ன கதைதான்.

பேஸ் பிளேட் ஸ்க்ரூ எடுத்த பிறகு பிளாஸ்டிக் ராவல் பிளக் உள்ளேயே நிக்கும். ஸ்க்ரூவைப் பாதி திருகி, கட்டிங் பிளேயர்ல பிடிச்சு இழுத்தா பிளக்கும் கூட வந்துடும். வெளியில ஆங்கர் போல்ட் வராது. கிரைண்டர் வெச்சுச் சுவர் மட்டத்துக்கு அறுத்து, முனையில துரு பிடிக்காத பிரைமர் ஒரு பூச்சு.

குழாயை வெட்டாதீங்க, நட்டைக் கழட்டி முழு நீளமா எடுங்க. நாலு வருஷம் ஆன குழாயோட விரிஞ்ச வாய் விரிசல் விட்டிருக்கும், அதனால மறுபடி மாட்டும்போது முனையை வெட்டி ஃப்ளேர் பண்ணுவாங்க. அதுலயே சில சென்டிமீட்டர் போயிடும். வளைஞ்ச இடத்தை நிமிர்த்தி வேற பக்கம் வளைச்சா மடங்கிப் போகும். பெரிய வட்டமா சுத்தி எடுத்துட்டுப் போங்க.

சுவராணி | 7 மே 2025, காலை 9:00

சரி, ஏசி விஷயத்தில் தோத்துட்டேன். ஆனா ஃபேன் அவருடையதுன்னு நான் சொன்னது சரிதானே. கொக்கி மட்டும் ஓனருக்கு.

பத்திரக்கட்டு | 7 மே 2025, பிற்பகல் 12:25

முடிவு சரி, காரணம் தப்பு. தொங்குவதால் இல்லை, அவர் வாங்கியதால். ஆனால் பட்டியலில் சீலிங் ஃபேன் 4 என்று இருக்கிறது. நான்கு ஃபேன் ஓடுகிற வீட்டைத்தான் அவர் திருப்பித் தர வேண்டும். மூன்றாம்மாடி, பழைய ஃபேன்கள் எங்கே?

மூன்றாம்மாடி | 7 மே 2025, இரவு 8:45

ஒண்ணு ஸ்டோர் ரூமில் மாட்டியபடியே ஓடுது. மூணும் லாஃப்டில். இறக்கிப் பார்த்தேன், ஒன்பது இறக்கை இருக்கு, ஆனா எது எந்த ஃபேனுக்குன்னு தெரியல. எல்லாம் ஒரே பழுப்பு நிறம்.

மானோமீட்டர் | 7 மே 2025, இரவு 9:30

இதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. மூணு இறக்கையும் எடை பார்த்துச் சேர்த்த செட். மாத்தி மாட்டினா ஃபேன் ஆடும், ஓனர் "கெடுத்துட்டான்"னு சொல்வார். அளவு, ஸ்க்ரூ ஓட்டை இரண்டும் ஒத்துப் போறதை முதல்ல பிரிங்க. மிச்சத்தைச் சமையலறைத் தராசுல தனித்தனியா எடை போட்டு, நெருங்கின மூணை ஒண்ணா வைங்க. மாட்டி ஓடவிட்டு, ஆடினா மாத்திப் பாருங்க.

பிஎல்டிசி மாட்டும்போது போர்டுல ரெகுலேட்டரைத் தவிர்த்து நேரா வயர் கொடுத்திருப்பாங்க. பழைய ஃபேன் திரும்ப வரும்போது ரெகுலேட்டரை மறுபடி இணைக்கணும், இல்லேன்னா ஒரே வேகத்துலதான் ஓடும். மெதுவாச் சுத்தினா கெப்பாசிட்டர் போயிருக்கும், மேல 2.5ன்னு போட்டிருக்கும், அதே அளவு வாங்கி மாத்துங்க. சுவிட்சை மட்டும் நம்பாதீங்க, எம்சிபியை இறக்கிட்டு ஏணியில ஏறுங்க.

ஒண்ணு மறக்கக் கூடாது. கொக்கியில போற போல்டுக்கு நட்டு மட்டும் போதாது, நட்டுக்கு அப்புறம் போல்டுல ஒரு துளை இருக்கும். அதுல ஸ்பிளிட் பின் போட்டுக் காலை விரிச்சு விடணும். பழசை இறக்கும்போது அந்தப் பின்னை யாரும் எடுத்து வைக்கிறதில்லை. அது இல்லாம விட்டா அதிர்வுல நட்டு கழண்டு வரும். ஹார்டுவேர் கடையில சில்லறைக் காசு.

கீழ்வீட்டம்மா | 8 மே 2025, காலை 10:05

கீசரைப் பத்தி யாரும் கேக்கலையே? பட்டியல்ல கீசர் 1 இருக்கு. அவர் போட்டது கூடுதலா, இல்ல பழசுக்குப் பதிலா?

மூன்றாம்மாடி | 8 மே 2025, பிற்பகல் 2:10

பதிலா. 2022ல் பழசு டேங்க் ஓட்டை விழுந்து ஒழுகிச்சு. ஓனர்கிட்ட போனில் சொன்னேன், "நீங்களே பார்த்துக்கோங்க"ன்னார். புதுசு 7,400க்கு வாங்கினேன். பழசைப் பிளம்பர் கூலியில் கழிச்சு எடுத்துட்டுப் போயிட்டார்.

பத்திரக்கட்டு | 8 மே 2025, மாலை 5:50

இதில்தான் எனக்கே உறுதி இல்லை. இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது.

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, யார் எதைப் பழுது பார்ப்பது என்று பிரிக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பு, பெரிய வயரிங், குழாய் மாற்றுவது ஓனருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் பழுது இதெல்லாம் வாடகைதாரருக்கு. ஓனர் இதைக் காட்டி "கீசர் உங்கள் பொறுப்பு, புதுசு அதற்கான ஈடு, விட்டுவிட்டுப் போங்கள்" என்பார். நீங்கள் "பழுது பார்ப்பது வேறு, ஆயுள் முடிந்த டேங்கை மாற்றுவது வேறு, அது இயல்பான தேய்மானம்" என்பீர்கள். தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்பது 108 எம்-இல் இருக்கிறது, அதுவும் நல்ல வாதமே.

ஆனால் பழசு கையில் இல்லை. ஓட்டை டேங்க் ஒன்றைத் திருப்பிக் காட்ட முடிந்திருந்தால் நிலைமை வேறு. என் கணக்கில் கீசரை விட்டுவிடுவது நல்லது, அதைச் சொல்லியே மற்றதைக் கேட்கலாம்.

கீழ்வீட்டம்மா | 8 மே 2025, இரவு 7:15

நான் ஓனரா இருந்தா பாதிக் காசு கொடுத்துட்டு வெச்சுப்பேன். மூணு வருஷம் அவங்கதானே வெந்நீர் போட்டாங்க.

சுவராணி | 8 மே 2025, இரவு 7:40

கீசரை எடுத்தா சுவத்துல இரண்டு அரை அங்குலக் குழாய் வாய் திறந்து நிக்கும். டெஃப்லான் டேப் சுத்தி டம்மி போடாம மேல் வால்வைத் திறந்தா பாத்ரூம் குளம். இது எனக்கு நிச்சயமாத் தெரியும்.

மானோமீட்டர் | 8 மே 2025, இரவு 8:00

இதுல சுவராணி முழுசும் சரி.

மூன்றாம்மாடி | 11 மே 2025, இரவு 9:20

ஓனரோட பேசினேன். 108 எச் பத்திச் சொன்னதும் குரல் கொஞ்சம் இறங்குச்சு. இப்போ வேற பாட்டு: "இரண்டு ஏசியும் விட்டுட்டுப் போங்க, 15,000 தர்றேன்." ஒன்றரை டன் 2021ல் 38,000. அப்புறம் லைன், லோடு இரண்டுக்கும் நான் காசு கேட்டேன், சிரிச்சார்.

பத்திரக்கட்டு | 12 மே 2025, காலை 9:35

லைன் விஷயத்தில் அவர் சிரித்தது சரி. அந்த வயரைக் குழாயிலிருந்து இழுத்து எடுக்கலாம்தான், ஆனால் ஏழாவது பாரா குறுக்கே நிற்கிறது. தவிர இழுத்த வயர் பழைய செம்பு விலைக்குத்தான் போகும். பெட்டியில் எம்சிபியை நிறுத்தி, ப்ளக் பாயிண்டை அப்படியே விட்டுவிடுங்கள். ஈபி லோடு சர்வீஸ் கனெக்‌ஷனோடு சேர்ந்தது, கனெக்‌ஷன் அவர் பேரில். அந்தப் பணம் உங்களிடம் திரும்புவதற்கு வழியில்லை, அவராகக் கொடுத்தால் உண்டு. லோடு ஏற்றும் முன் ஒரு வரி எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

ஏசியை விற்பதா என்பது உங்கள் விருப்பம். விற்றால் இரண்டு சீரியல் நம்பரும் போட்டு, தொகையை அட்வான்ஸோடு சேர்க்காமல் தனியாக வாங்குங்கள். அட்வான்ஸில் கழித்தால் எது எதற்கு என்று பிறகு பிரிக்க முடியாது.

மானோமீட்டர் | 12 மே 2025, காலை 10:40

கணக்குப் பார்த்துக்கோங்க. கழட்ட 1,600, புது வீட்டுல மாட்ட, குழாய் கூடுதல், ஒருவேளை கேஸ். இரண்டுக்கும் சேர்த்து ஏழெட்டாயிரம் போகும். ஒரு டன் எப்படி ஓடுது? வெளி யூனிட் ஃபின் எல்லாம் உதிர்ந்திருந்தா அதை விட்டுட்டுப் போறதுதான் லாபம்.

மூன்றாம்மாடி | 12 மே 2025, இரவு 10:10

இரண்டும் நல்லா ஓடுது. எடுத்துட்டுப் போறதா முடிவு பண்ணிட்டோம். 31ஆம் தேதி ஞாயிறா சனியான்னு பார்த்தேன், சனி. அன்னிக்கே கழட்டி அன்னிக்கே வண்டி ஏத்திடலாமா?

பத்திரக்கட்டு | 13 மே 2025, காலை 8:15

வேண்டாம். அப்பார்ட்மெண்ட் என்றால் வண்டி வெளியே போக அசோசியேஷன் பெரும்பாலும் ஓனர் சம்மதம் கேட்கும். கடைசி நாளில் அவர் போனை எடுக்காவிட்டால் ஏசி கேட்டில் நிற்கும், சாவி கேட்பார்கள், நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். இரண்டு நாள் முன்பே கழற்றுங்கள். கொத்தனார் வேலை காய்வதற்கும் நேரம் வேண்டும். முடிந்ததும் ஒவ்வொரு அறையும் ஃபேன் ஓடும் வீடியோ எடுத்து, அதே நாளில் ஓனருக்கு அனுப்புங்கள். கடைசியில் சாவி.

அட்வான்ஸ், காலி செய்து ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திரும்பத் தர வேண்டும் என்று அதே வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் அக்ரிமென்ட் வாடகை அதிகாரியிடம் பதிவாகி எண் இருக்கிறதா? அங்கே போனால் முதல் கேள்வியே அதுதான்.

மூன்றாம்மாடி | 13 மே 2025, காலை 8:40

இல்ல சார். 11 மாச அக்ரிமென்ட், கையெழுத்து மட்டும்.

பத்திரக்கட்டு | 13 மே 2025, காலை 8:52

அப்படியானால் வீடியோவை இன்னும் கவனமாக எடுங்கள்.

மூன்றாம்மாடி | 1 ஜூன் 2025, மாலை 4:30

வியாழன் கழட்டினோம். ஒன்றரை டன் சரியா வந்துச்சு, கேஜ் போட்டுத்தான் பண்ணார். ஒரு டன்ல தடித்த குழாய் வால்வு முழுசா மூடல, ஏதோ கசிவு, அரை நிமிஷம் சீறிச்சு. கொத்தனார் வெள்ளி. ஃபேன் மூணும் மாட்டியாச்சு. இரண்டு ஆடாம ஓடுது, ஒண்ணு நாலாவது வேகத்துல லேசா ஆடுது. கீசர் விட்டுட்டோம்.

ஓனர் நேரில் வந்தார். ஏசி பத்தி ஒண்ணும் சொல்லல. ஹால் சுவர் முழுக்கப் பெயிண்ட் அடிக்கணும்னு 3,500 பிடிச்சு 56,500 ஜிபேல அனுப்பிட்டார். ஒட்டுப் போட்ட இடம் வெள்ளையாத் தெரியுது, மிச்சச் சுவர் நாலு வருஷப் பழசு. வெள்ளையடிப்பு ஓனர் பொறுப்புன்னு மேலே போட்டிருந்தீங்களே?

பத்திரக்கட்டு | 1 ஜூன் 2025, இரவு 8:20

வெள்ளையடிப்பு அவர் பொறுப்பு, நீங்கள் துளைத்ததால் வந்த சேதம் உங்கள் பொறுப்பு. ஒட்டு மட்டும் தனியாகத் தெரிவது இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. நாலு வருஷம் அடிக்காத சுவருக்கு எப்படியும் அவர் பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான், முழுச் சுவர்ச் செலவையும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. பாதி கேட்டு ஒரு மெசேஜ் போடுங்கள்.

கீழ்வீட்டம்மா | 1 ஜூன் 2025, இரவு 8:45

3,500ல ஒரு ஹால் சுவர்னா நான் பேசாம வாங்கிட்டு விட்டுருப்பேன். ஓட்டை போடாம இருந்திருந்தா இன்னும் இரண்டு வருஷம் அந்தப் பெயிண்ட் ஓடியிருக்கும்.

மானோமீட்டர் | 1 ஜூன் 2025, இரவு 9:10

பெயிண்டை விடுங்க. அந்த ஒரு டன்னைப் புது வீட்டுல மாட்டும்போது "கொஞ்சம் கேஸ் ஏத்திட்டாப் போதும்"னு சொல்வாங்க, விடாதீங்க. எவ்வளவு போச்சுன்னு தெரியாது. மிச்சத்தையும் முறையா எடுத்துட்டு, வேக்கம் பம்ப் போட்டு, யூனிட் ஸ்டிக்கர்ல எழுதியிருக்கிற கிராம் கணக்குக்குத் தராசு வெச்சுப் புதுசா ஏத்தச் சொல்லுங்க. வால்வு முனை மூடிக்குள்ள ஆயில் ஈரம் இருக்கான்னும் பாருங்க, கசிவு அங்கேயா இருந்தா முதல்ல வால்வை மாத்தணும்.

மூன்றாம்மாடி | 1 ஜூன் 2025, இரவு 9:34

மூடியைத் திறந்து பார்த்தேன். ஈரமாத்தான் இருக்கு.